அரைஞாணும் அட்டையும்

மேல்மலையனூரில் நான் பிள்ளையாக இருந்தபோது, குழந்தை வளருகிறதா என்று பார்க்க அம்மாவுக்கு அரைஞாண் கயிறு போதும். இடுப்பில் அழுந்தித் தடம் விழுந்தால் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவாள். எடை, உயரம் எல்லாம் யாருக்கும் தெரியாது. கயிறு தொளதொளத்தால் அங்காளம்மன் கோயிலுக்குத் தூக்கிப் போய் விபூதி போட்டுவிட்டு வருவாள்.

என் பேத்திக்கு அட்டை இருக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் வயது, நீளம், எடை, பர்சென்டைல் என்று ஒரு வரி எழுதித் தருவார்கள். ஆறாம் மாதம் 7.3 கிலோ, ஒன்பதாம் மாதம் 7.5, பன்னிரண்டாம் மாதம் 7.7. எண் ஏறிக்கொண்டே போகிறது என்று நானும் மகளும் நிம்மதியாக இருந்தோம்.

அம்மாதான் குளிப்பாட்டும்போது சொன்னாள்: “என்னாடி, புள்ளைக்கு அரைஞாண் தளர்ந்து கெடக்குது?”

அன்றைக்குத்தான் கடைசிக் கட்டத்தைப் படித்தேன். பர்சென்டைல் பரீட்சை மார்க் இல்லை. நன்றாக வளரும் அதே வயதுப் பெண் குழந்தைகள் நூறு பேரை எடை வாரியாக நிறுத்தினால் இவளுக்கு எந்த இடம் என்பதுதான் அது. அந்த வரிசை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்டார்கள், டெல்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. ஆறு மாதத்தில் 7.3 கிலோ என்றால் நட்டநடு, ஐம்பது. ஒரு வயதில் அந்த நடு 8.9 கிலோவுக்குப் போய்விடுகிறது. 15ஆம் கோடே 7.9. பேத்தி அதற்கும் கீழே இறங்கியிருந்தாள். பிறந்ததிலிருந்து 15ஆம் கோட்டை ஒட்டியே வளரும் குழந்தையைப் பற்றிப் பயமில்லை. ஐம்பதிலிருந்து இரண்டு வருகைக்குள் இப்படிச் சரிவதைத்தான் கவனிக்க வேண்டும்.

நீளக் கட்டத்தையும் பார்த்தோம். 65.5, 69.5, 73 சென்டிமீட்டர். மூன்று முறையும் 15க்கும் 50க்கும் நடுவில்தான். படுக்கவைத்து அளக்கும்போது முழங்காலை மடக்கினால் ஒரு சென்டிமீட்டர் சுலபமாகக் காணாமல் போகும், அதனால் இருவர் பிடித்து இரண்டு முறை அளந்தார்கள். நீளம் தன் பட்டையில் நிற்க எடை மட்டும் விழுந்தால், அது அண்மையில் வந்த குறை. நீளமும் சரிந்திருந்தால் பல மாதப் பற்றாக்குறை என்று கொள்ள வேண்டியிருக்கும்.

டாக்டரம்மா நோய் ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு, என்ன ஊட்டுகிறீர்கள் என்று கேட்டார். ஆறாம் மாதம் முதல் கஞ்சித் தண்ணீர்தான். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகிவிடும் கஞ்சி. வயிறு நிரம்பும், உடம்பில் ஒட்டாது. அதற்குப் பிறகு கரண்டியில் நிற்கும்படி குழைந்த பருப்புச் சாதம், நெய், தினம் ஒரு முட்டை. தாய்ப்பாலும் நிறுத்தவில்லை.

பதினைந்தாம் மாத வரியில் 8.7 கிலோ என்று இருக்கிறது, 15ஆம் கோட்டுக்குச் சற்று மேலே. போன வாரம் அம்மா அரைஞாணை அவிழ்த்து ஒரு முடிச்சுத் தள்ளிக் கட்டினாள்.