எண்ணிக்கை பஸ் ஏறாது

ஆங்கிலத்தில் ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்’ என்று எழுவாய் தொடங்கினால் வினை பன்மையில் வரவேண்டும்: ஆர், ஹேவ், வேர். ‘த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்’ என்று தொடங்கினால் ஒருமை: இஸ், ஹேஸ், வாஸ். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு வாயைத் திறந்து மூடுவதற்குள் கடந்துபோகும் ஒரு துக்கடாச் சொல்தான். எ, த என்ற அந்தச் சொல்வகையே தமிழில் கிடையாது. வீட்டில் இல்லாத சாமானை நம்பிச் சமையலை முடிக்கச் சொன்னால் தமிழர் தடுமாறத்தான் செய்வார்.

ரேஷன் கார்டில் எத்தனை பெயர் இருந்தாலும் குடும்பத் தலைவர் ஒருவர்தான். எழுவாய்த் தொடரிலும் அப்படியே. அதற்குள் நாலைந்து சொற்கள் கூடியிருந்தாலும் தலைச்சொல் ஒன்றுதான். வினை அந்தத் தலைச்சொல்லுக்கு மட்டுமே கட்டுப்பட்டது. ‘த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்’ என்ற குடும்பத்தில் தலைவர் ‘நம்பர்’. மாணவர்கள் அவரை ஒட்டி வாழ்பவர்கள். ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்’ என்ற குடும்பத்தில் மாணவர்களே தலைமை. அங்கே ‘எ நம்பர் ஆஃப்’ என்ற மூன்று சொல்லும் சேர்ந்து ‘பல’ என்ற ஒற்றைச் சொல்லின் வேலையைத்தான் பார்க்கின்றன. பெயரில் ‘நம்பர்’ இருந்தாலும் அதில் எந்த நம்பரும் இல்லை. எத்தனை பேர் என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. ‘எ லார்ஜ் நம்பர் ஆஃப்’ என்று ஊதிப் பெருக்கினாலும் அது ‘ஏராளமான’ ஆகுமே தவிர, தலைவர் ஆகாது.

இரண்டில் எது எது என்று சந்தேகம் வந்தால் இலக்கணப் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. வாக்கியத்தில் நடக்கும் காரியத்தைச் செய்வது யார் என்று பார்த்தால் போதும். மாணவர்கள் பஸ் ஏறுவார்கள், டிபன் சாப்பிடுவார்கள், தாமதமாக வருவார்கள். எண்ணிக்கை பஸ் ஏறாது. அதற்குத் தெரிந்தது கூடுவதும் குறைவதும், அப்படியே கிடப்பதும்தான். ஆகவே மாணவர்கள் பஸ்ஸில் வருகிறார்கள் என்றால் ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் கம் பை பஸ்’. மாணவர் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்றால் ‘த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஹேஸ் இன்க்ரீஸ்ட்’.

இவ்வளவு எளிதென்றால் படித்தவர்களும் ஏன் சறுக்குகிறார்கள்? அதற்குக் காரணம் பக்கத்து வீடு. தமிழ் வாக்கியத்தில் தலைச்சொல் தொடரின் கடைசியில் நிற்கும். ‘மாணவர்களின் எண்ணிக்கை கூடியது’ என்பதில் வினைக்கு முன்னால் நிற்பது எண்ணிக்கை. ‘பல மாணவர்கள் வந்தார்கள்’ என்பதில் மாணவர்கள். ‘மாணவர்களில் ஒருவர் வந்தார்’ என்பதில் ஒருவர். இப்படிச் சின்ன வாக்கியங்களில் வினை எட்டிப் பார்த்தாலே தலைவர் வீடு தெரிந்துவிடும். அதே பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் நுழையும் தமிழர், அங்கேயும் வினைக்குப் பக்கத்தில் நிற்பவரைத் தலைவர் என்று எண்ணிக் கும்பிடு போடுகிறார். ஆங்கிலத்தில் தலைவர் முன்வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பின்கட்டில் வினையோடு பேசிக்கொண்டிருப்பது ‘ஆஃப்’ பிடித்து வந்த உறவுக்காரர். ‘த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஹேவ் இன்க்ரீஸ்ட்’ என்ற பிழை பிறப்பது அந்தப் பின்கட்டில்தான்.

இதில் தமிழர் மட்டும் தலைகுனிய வேண்டியதில்லை. கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் 1991-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களிடம் ‘அலமாரிகளின் சாவி’ என்பதுபோன்ற தொடர்களின் ஆங்கில வடிவத்தைக் கொடுத்து வாக்கியத்தை முடிக்கச் சொன்னார்கள். சாவி ஒன்று, அலமாரிகள் பல. வினையின் பக்கத்தில் நிற்பவை அலமாரிகள். அவ்வப்போது அவர்களும் பன்மை வினையைப் போட்டுவிட்டார்கள். இன்னொரு வேடிக்கையும் தெரியவந்தது. சாவிகள் பல, அலமாரி ஒன்று என்று திருப்பிக் கொடுத்தால் பிழை மிகவும் குறைந்துபோனது. பக்கத்து வீட்டுக்காரர் பன்மையாக இருந்தால்தான் வினையின் கையைப் பிடித்து இழுக்கிறார். ஒருமையாக இருந்தால் வாசலோடு சரி.

தமிழர் காதுக்கென்று ஒரு தனி இடைஞ்சலும் உண்டு. ஆங்கிலத்தில் பெயரின் வாலில் எஸ் ஒட்டினால் பெரும்பாலும் பன்மை. நிகழ்கால வினையின் வாலில் எஸ் ஒட்டினால் ஒருமை. ஒரே எழுத்து காலையில் ஒரு கட்சி, மாலையில் எதிர்க்கட்சி. எதுகை மோனையில் வளர்ந்த காது எஸ்ஸுக்கு எஸ் சேர்த்துப் பார்த்து, ‘டீச்சர்ஸ் டீச்சஸ்’ என்பதில் ஓசை அமைந்துவிட்டது என்று திருப்தி அடைகிறது.

இனி ‘நன் ஆஃப்’. இங்கே சண்டை அறிஞர்களிடையே நடந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘நே’ என்றால் இல்லை, ‘ஆன்’ என்றால் ஒன்று. இரண்டும் கூடி ‘நான்’ ஆகி, பிறகு ‘நன்’ ஆயிற்று. ஒன்றும் இல்லை என்பதே மூலப்பொருள், ஆகவே ஒருமை மட்டுமே சரி என்று ஒரு கட்சி. பிறப்புச் சான்றிதழை வைத்து வேலையைத் தீர்மானிக்கிற வாதம் இது. உண்மையில் பழைய ஆங்கிலக் காலத்திலேயே அந்தச் சொல் பன்மையாகவும் வழங்கியிருக்கிறது. ஆங்கில வழக்குக்கு அகராதி எழுதிய ஃபௌலர், எளிதில் யாருக்கும் சலுகை தராதவர், 1926-இல் வெளிவந்த தம் நூலில் அது ஒருமை மட்டுமே என்று எண்ணுவது தவறு என்று எழுதிவிட்டார். அதன் பிறகும் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் சிலர் அந்தச் செய்தி காதில் விழாத பாவனையில் இருக்கிறார்கள்.

நடைமுறை இதுதான். ‘ஆஃப்’ என்பதற்குப் பின்னால் பால், சர்க்கரை, பணம் போன்ற எண்ண முடியாத பொருள் வந்தால் ஒருமை மட்டுமே: ‘நன் ஆஃப் த மில்க் வாஸ் வேஸ்டட்’. எண்ணக்கூடிய பன்மைப் பெயர் வந்தால் இரண்டும் செல்லும். ‘நன் ஆஃப் த ஃபேன்ஸ் ஒர்க்’ என்றாலும் ‘ஒர்க்ஸ்’ என்றாலும் வகுப்பில் வேர்வை ஒன்றுதான். ஒன்றுகூட இல்லை என்று அழுத்தவேண்டுமானால் ஒருமை பொருந்தும். பேச்சில் பன்மை இயல்பாக வரும். பிழை கண்டுபிடிக்கும் தேர்வில் ‘நன் ஆஃப்’ பன்மை வினையோடு வந்திருந்தால், அதை உடனே வட்டமிடாமல் வாக்கியத்தின் மற்றப் பகுதிகளில் அசல் குற்றவாளி யாராவது பதுங்கியிருக்கிறாரா என்று முதலில் தேடுவது புத்திசாலித்தனம்.

தமிழில் ‘இல்லை’ சேர்ந்த வினையில் இந்தச் சண்டை நடக்கவே வழியில்லை. ‘ஒருவரும் வரவில்லை’, ‘நாங்கள் வரவில்லை’, ‘பஸ் வரவில்லை’, எல்லாவற்றுக்கும் ஒரே ‘வரவில்லை’. வராதவர்களின் எண்ணிக்கையை வினையில் பதிவு செய்யும் கவலை நமக்கு இல்லை.

அடுத்து, ‘ஒன் ஆஃப் த’. இதில் தமிழருக்கே உரிய பிழை வினையில் தொடங்குவதில்லை, பெயரிலேயே தொடங்கிவிடுகிறது: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’. தமிழில் ‘என் நண்பர் ஒருவர்’ என்று சொல்லி வழக்கம். நண்பர் அங்கே ஒருமை. அதை அப்படியே பெயர்த்து நட்டதால் வந்த வினை. ஒரு கூட்டத்திலிருந்து ஒருவரைப் பொறுக்கி எடுப்பதுதான் ‘ஒன் ஆஃப்’. கூட்டமே இல்லாமல் எதிலிருந்து பொறுக்குவது? எனவே ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’. தலைவர் ‘ஒன்’ என்பதால் வினை ஒருமை: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்’. தலைமையாசிரியர் ஒருவரையே ‘வந்துட்டாங்க’ என்று மரியாதையாகப் பன்மையில் சொல்லிப் பழகிய வாய்க்கு இந்த ‘இஸ்’ கொஞ்சம் மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆங்கில வினை மரியாதை பார்ப்பதில்லை.

ஒரு பள்ளி ஆண்டறிக்கையை எடுத்துக்கொள்ளலாம். முதல் படியின் தொடக்கத்தில் நான்கு வாக்கியங்கள்: ‘த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஹேவ் இன்க்ரீஸ்ட். எ நம்பர் ஆஃப் டீச்சர்ஸ் ஹேஸ் ரிடையர்ட். நன் ஆஃப் த ஃபேன்ஸ் ஆர் ஒர்க்கிங். ஒன் ஆஃப் அவர் ஸ்டூடண்ட் ஹேவ் வன் எ ப்ரைஸ்.’ முதலாவதில் கூடியது எண்ணிக்கை, ‘ஹேஸ்’ வேண்டும். இரண்டாவதில் ஓய்வு பெற்றது எண்ணிக்கை அல்ல, பென்ஷன் வாங்கப்போகிற ஆசிரியர்கள், ‘ஹேவ்’ வேண்டும். முதல் இரண்டு வாக்கியங்களும் வினையை மாற்றிக்கொண்டாலே பாதி திருத்தம் முடிந்தது. மூன்றாவதில் திருத்த ஒன்றுமில்லை; மின்விசிறியைப் பழுது பார்த்தால் போதும். நான்காவதில் இரண்டு பிழை: ‘ஸ்டூடண்ட்ஸ்’ என்று பன்மையாக்கி, ‘ஹேஸ்’ என்று ஒருமையாக்க வேண்டும்.

அந்த அறிக்கையின் ஐந்தாவது வாக்கியம்தான் தேர்ந்தவர்களையும் கவிழ்ப்பது: ‘ஷி இஸ் ஒன் ஆஃப் த டீச்சர்ஸ் ஹூ டீச் வெல்’. டீச்சா, டீச்சஸா? ‘ஒன்’ தலைவர் என்ற பாடம் மனத்தில் பதிந்தவர் உடனே ‘டீச்சஸ்’ என்று எழுதுவார். நல்ல எழுத்தாளர்கள் பலர் அப்படி எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் தருக்கம் ‘டீச்’ பக்கம்தான். ‘ஹூ’ ஒட்டிக்கொண்டிருப்பது ‘டீச்சர்ஸ்’ மேல். ‘ஒன்’ ஏற்கெனவே ‘இஸ்’ என்ற தன் வினையை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

இங்கே மட்டும், அதுவரை குழி பறித்த தமிழே கைகொடுக்கிறது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தால், ‘நன்றாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களில் அவர் ஒருவர்’. ‘நடத்தும்’ என்ற பெயரெச்சத்தில் ஒருமை பன்மை தெரியாது. ஆனால் அது நிற்கும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு அடுத்து வருவது ‘ஆசிரியர்கள்’. ஆகவே பன்மை, ‘டீச்’. மாறாக, ‘ஆசிரியர்களில் நன்றாகப் பாடம் நடத்தும் ஒரே ஒருவர் அவர்’ என்றால் பெயரெச்சம் போய் ஒட்டுவது ‘ஒருவர்’ மேல். ஆங்கிலத்தில் ‘த ஒன்லி ஒன் ஆஃப் த டீச்சர்ஸ் ஹூ டீச்சஸ் வெல்’, ஒருமை. இலக்கணப்படி இரண்டுமே சரி. ஆனால் ஆண்டறிக்கையில் முதலாவதை எழுதுவதே நல்லது. இரண்டாவதை மற்ற ஆசிரியர்களும் படிப்பார்கள்.