காஜி போனார், காகிதம் போகவில்லை

1492இல் கிரானடாவின் கடைசி சுல்தானை வழியனுப்பிவிட்டு ஸ்பானியர்கள் அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த நாற்காலியின் பெயரே அரபிதான்: அல்கால்தே. அசலில் அல்காதி, அதாவது நீதிபதி, நம்மூர் காஜியேதான். ஸ்பெயினில் அவர் மேயராகிவிட்டார். ‘நல்லபடியா நடக்கணுமே’ என்று பெருமூச்சு விடுவதற்கு அவர்கள் சொல்லும் ‘ஓஹாலா’வும் ‘அல்லா மனசு வைத்தால்’ என்பதுதான்.

அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால், ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு நடை போய்வரலாம். பலகையில் ‘வட்டாட்சியர்’. வாசலில் நிற்பவர் கேட்பதோ, “தாசில்தார் இருக்காரா?”

முகலாயரும் ஆர்க்காட்டு நவாபும் பாரசீகத்தில் கணக்கு எழுதினார்கள். அந்தப் பாரசீகத்துக்குள் அரபி ஏற்கெனவே குடியேறியிருந்தது. 1763இல் நவாப் முகமது அலி, கடன்பட்ட நன்றிக்காக, செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகிராகக் கொடுத்தார். கும்பினியார் அதை அவருக்கே குத்தகைக்கு விட்டார்கள்! பிற்பாடு நவாபையும் ஓரங்கட்டினார்கள். அவருடைய வரிச்சொற்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். வசூலாகிற சொல்லை யார் மாற்றுவார்?

தாசில் என்றால் திரட்டுவது. மகசூல் என்றால் திரண்டது. இரண்டுக்கும் ஒரே அரபி வேர். வயலில் குடியானவன் திரட்டியதைச் சர்க்கார் இன்னொரு தடவை திரட்டியது, அவ்வளவுதான். ‘பாக்கி’க்கு அரபியில் மிச்சம் என்று பொருள். குடியானவனுக்கு ஏதோ மிஞ்சியது போலிருக்கிறது என்று நினைக்காதீர்கள். அவன் இன்னும் கட்டவேண்டியது என்று ஆபீஸில் பொருள்.

தாமஸ் மன்றோ பரப்பிய ரயத்துவாரியில் ஜமீன்தார் கிடையாது. சர்க்காரும் ரயத்தும் நேருக்கு நேர். ரயத்தின் மூல அரபிச் சொல்லுக்கு மேய்க்கப்படும் மந்தை என்று அர்த்தம். மேய்ப்பவர் நேரடியாக வந்துவிட்டார் என்பதுதான் சீர்திருத்தம். ஜில்லா என்பது விலா எலும்பு. தாலுகா அதில் ஒட்டித் தொங்குவது. தகராறு அரபியில் சண்டையே அல்ல, சொன்னதையே திரும்பச் சொல்வது. நிலமெடுப்பில் இழப்பீடு போதவில்லை என்று மனுமேல் மனு கொடுத்தவருக்கு இந்தப் பழைய அர்த்தம்தான் சரியாகப் பொருந்தும்.

எல்லாவற்றிலும் ரசமானது பசலி. ‘ஃபஸ்ல்’ என்றால் பருவம், அறுவடை. அக்பர் காலத்து வரி ஆண்டு. இங்கே ஜூலை 1இல் பிறக்கும். பிறக்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி வரும்: 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்தில் நெல் விளைந்த மண்ணில் இன்று காரும் லாரியும் விளைகின்றன. வருவாய்த்துறையின் ஜமாபந்தி மட்டும், அறுவடை முடிந்ததா என்று கேட்கும் அதே பசலிக் கணக்கில், வருஷம் தவறாமல் நடக்கிறது.