பதில் போடாதீர்கள், ஆனால் பதில் சொல்லுங்கள்!

பாகலூர் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில் இருப்பது எங்களுடையது. பின்கோடு 635-ல் தொடங்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரு எலகங்காவை ஒட்டி இருப்பது மற்றொன்று, அதற்கு 562. பார்சல் அனுப்புகிறவர் இதைக் கவனித்திருந்தால், என் வீட்டு மிக்சி ஜார் அங்கே போய் இறங்கியிருக்காது.

புகார் கொடுத்தேன். மெயில் வந்தது: “முகவரியை உறுதிசெய்யவும். 72 மணி நேரத்தில் பதில் இல்லையெனில் புகார் முடிக்கப்படும்.” அடியில், “இந்த மெயிலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.”

வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை; கேட்க ஒரு கம்பெனியாவது கிடைத்ததே என்று, ‘வித் டியூ ரெஸ்பெக்ட்’ போட்டு இரு பாகலூர்களின் பூகோளத்தையும் விளக்கி எழுதினேன். அடுத்த நொடியே MAILER-DAEMON என்பவரிடமிருந்து `550 5.1.1` என்று வந்தது. மரியாதையாக நம்பரெல்லாம் கொடுத்திருக்கிறார்களே என்று மனைவியிடம் காட்டினேன்.

“அப்படி ஒரு அட்ரஸே இல்லைன்னு சொல்றாங்க. ஆளில்லாத வீட்டு வாசல்ல நின்னு சொற்பொழிவு ஆத்தியிருக்கீங்க.”

கஸ்டமர் கேரில் வேலை பார்க்கும் தம்பி மகன் விளக்கினான். “திரும்பி வந்தது உங்க அதிர்ஷ்டம் பெரியப்பா. சில இடத்துல மெயிலை வாங்கி, சத்தமில்லாம அழிச்சிடும். போய்ச் சேர்ந்துடுச்சுன்னு நீங்க காத்திருப்பீங்க.”

கம்பெனி பக்கமும் நியாயம் உண்டாம். ஆயிரக்கணக்கானோருக்கு அறிவிப்பு போனால், ‘நான் லீவில் இருக்கிறேன்’ என்ற தானியங்கிப் பதில்கள் குவியும். ஒவ்வொன்றும் புதுப் புகாராகப் பதிவாகும். அதனால்தான் அந்த வழியை அடைக்கிறார்கள். ஆனால் கேள்வி கேட்கும் மெயிலையும் அதே முகவரியிலிருந்து அனுப்பினால், புகார் ‘வாடிக்கையாளர் பதிலுக்காக’ என்ற நிலையில் நிற்கும். கெடு முடிந்ததும் மெஷின் கதவைச் சாத்திவிடும். அதற்கு நம் மௌனம் சம்மதம். இதைத் தவிர்க்க அவர்கள் ஒரு வரி சேர்த்தால் போதும்:

```
From: noreply@shop.example
Reply-To: help@shop.example
```

நாம் ‘ரிப்ளை’யை அழுத்தினால் ‘டு’ கட்டத்தில் எந்த முகவரி விழுகிறது என்று பார்க்க வேண்டும். `help` போல ஏதாவது வந்தால், சப்ஜெக்டில் உள்ள புகார் எண்ணைக் கலைக்காமல் எழுதலாம். அதை வைத்துத்தான் பழைய புகாரோடு சேர்ப்பார்கள். அங்கேயும் `noreply` என்றிருந்தால், ஆப்பில் அந்தப் புகாரையே திறந்து எழுத வேண்டும்.

அதுவும் சரிவராவிட்டால் குறைதீர் அலுவலர் இருக்கிறார். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டாக வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே மனிதர்கள் பேசுகிறார்கள். சொற்பொழிவை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.