ஏ கிரேடு தம்பிக்கு



24 வயதில் இருக்கும் உனக்கு, 40 வயதில் இருந்து ஒரு பாராட்டுக் கடிதம். மாதனூரில் பஸ் ஏறி ஆம்பூருக்குத் தோல் ஃபினிஷிங் வேலைக்குப் போனவன் நீ. மற்றவர்கள் சங்கு ஊதியதும் வேலையை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். நீ அதை வீட்டுக்கும் கொண்டுவந்தாய். அந்தத் தொழில்பற்று யாருக்கு வரும்!

முள் கீறியதும் உண்ணி கடித்ததுமான தோலை என்ன செய்வோம்? பஃபிங் மெஷினில் விட்டு மேல்பரப்பைத் தேய்த்து எடுப்போம். அதன்மேல் பிக்மென்ட் அடிப்போம். சூடான பிளேட்டை வைத்து அழுத்தினால் இல்லாத மயிர்க்கால் புள்ளிகூட வரிசையாகப் பதிந்துவிடும். மாடே வந்து பார்த்தாலும் இது தன் தோல் என்று சொல்லாது. இதையெல்லாம் நீ உன் முகத்துக்கே செய்துகொண்டாய். இன்னொரு படி மேலே போய், தழும்பே இல்லாத தோலைத் தேய்த்தாய். பட்டறையில் நல்ல ஃபுல் கிரெயின் தோலை யாராவது அப்படித் தேய்த்தால் மாஸ்டர் கன்னத்தில் விடுவார். ஊரில் உனக்குக் கிடைத்ததோ, 'பொண்ணுங்க பக்கமே திரும்பாத ஒழுக்கமான பையன்' என்ற சர்டிபிகேட்.

பெயின்ட் தாங்குமா என்று பார்க்க, ஷூ தோலை மெஷினில் மாட்டி 50,000 தடவைகூட மடித்து மடித்து ஆட்டுவோம். உன்னை மடித்துப் பார்க்கக் கல்யாணத் தரகர்கள் வந்தார்கள். ஏழரைச் சனியை ஒன்பது வருடம் இழுத்த ஜோதிட மேதை நீ! ஒரு விரிசல் விழவில்லை. அம்மா மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் எள் தீபம் ஏற்றினாள். எண்ணெய்ச் செலவு அவளுடையது.

அரசாங்கத்துக்கு நீ செய்த சேவையை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது எனக்கு வருத்தம். 377 என்பது 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த பிரிவு. ஆயுள் தண்டனை வரை போகக்கூடியதாக இருந்தது. அதில் 150 வருடத்துக்கு மேலாகியும் 200 பேருக்கும் குறைவானவர்கள்மீதுதான் வழக்கு நடந்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றமே 2013 டிசம்பர் 11 தீர்ப்பில் சொன்னது. எப்படி அதிகமாகும்? உன்னைப்போல் சம்பளம் வாங்காத கான்ஸ்டபிள் ஊருக்கு ஊர் தன்னைத்தானே காவல் காத்துக்கொண்டிருக்கும்போது, மாதனூருக்கு எதற்கு ஒரு ஜீப்பும் டீசலும்?

அதற்கு முன்பு, 2009 ஜூலை 2-இல், டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. மறுநாள் டீக்கடைப் பேப்பரில் செய்தி. சரியாக அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போண்டா எண்ணெயைப் பிழிந்து கசக்கி எறிந்தாயே, என்ன நிதானம்! 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு உறவு கொள்வது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. சட்டமே வேலையை விட்டுப் போனபிறகும் நீ ஒரு வருடம் ஓவர்டைம் பார்த்தாய். அப்புறம்தான் இவரும் நானும் வேலூரில் வீடு பிடித்தோம். குழம்பில் புளி அதிகம் என்று இன்று காலைகூடச் சண்டை. இந்தச் சண்டையை நீ எத்தனை வருடம் மிச்சம் பிடித்துவைத்தாய்!

உன் திறமை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு ஆட்கொணர்வு மனு. எதிர்மனுதாரர்களில் வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் ஒருவர். வீட்டார் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண், நீதிபதிகளிடம் தான் பெண்ணை நேசிப்பதாக நேராகச் சொல்லிவிட்டாள். அவளைத் தடுத்துவைக்கக் கூடாது என்று தீர்ப்பு. கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை என்றும் அதில் எழுதினார்கள். பாவம், பஃபிங் தெரியாத பெண். உன்னிடம் ஒரு மாதம் பழகியிருந்தால் கோர்ட்டு வரை போயிருப்பாளா?

உன் மாஸ்டர்பீஸை கடைசிக்கு வைத்திருக்கிறேன். கட்டிங் செக்‌ஷனில் குரல் மென்மையான ஒரு பையன் இருந்தான். எல்லாரும் அவன் நடையை நடந்து காட்டிச் சிரிப்பார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் உன் பக்கத்தில் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்து, "அண்ணா, நீங்களும் என்ன மாதிரிதானே?" என்று மெதுவாகக் கேட்டான். நீ எழுந்து, அதை எல்லாருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னாய். பிறகு அவனைப்போலவே நடந்து காட்டினாய். செக்‌ஷனே சிரித்தது. அன்றிலிருந்து உன்மேல் ஒருவருக்கும் துளி சந்தேகம் இல்லை. ஏ கிரேடு.

அந்தச் சனிக்கிழமை அவன் கணக்கு முடித்துக்கொண்டு போனான். எந்த ஊருக்கு என்று நீ கேட்கவில்லை.