பூஜ்யஸ்ரீ கடன் கம்பெனியாருக்கு ஒரு விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய பூஜ்யஸ்ரீ கடன் கம்பெனியார் சமூகத்துக்கு, தாராவி கிராஸ் ரோட்டிலிருந்து அடியேன் எழுதிக்கொள்வது.

போன 6-ஆம் தேதி காலை ஏழே காலுக்கு, செம்பூரில் இருக்கும் என் சம்பந்திக்குத் தங்கள் ஆள் போன் போட்டு, நான் தவணை கட்டாமல் தலைமறைவாகிவிட்டதாகச் சொன்னாராம். அந்த நேரம் நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். சம்பந்தி பெரிய மனிதர். "மனசுல வெச்சுக்காதீங்க, அந்த ரெண்டாயிரத்தை நான் கட்டிடட்டுமா?" என்றார். மகளைக் கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

காலை எட்டு மணிக்கு முன்னால் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி சொன்னது. தங்கள் கடிகாரத்திலும் பூஜ்யம்தான் ஓடுகிறது போலும்.

மாட்டுங்கா கடையில் வாங்கிய போன் 12,000 ரூபாய். மாதம் 2,000, ஆறு தவணை, வட்டி பூஜ்யம். பிராசஸிங் ஃபீ 499, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 588 ரூபாய் 82 காசு, முதல் நாளே. "பன்னிரண்டாயிரத்துக்கு இது அஞ்சு பர்சென்ட்கூட இல்லையே அங்கிள்" என்றான் கடைப் பையன். நானும் தலையாட்டினேன்.

ஆனால் 12,000 பாக்கி இருந்தது முதல் மாதம் மட்டும். அடுத்த மாதம் 10,000, பிறகு 8,000, கடைசி மாதம் வெறும் 2,000. சராசரி பார்த்தால் ஆறு மாதமும் தங்கள் பணம் என்னிடம் 7,000-தான். அதற்கு 589 என்றால் வருஷத்துக்கு 17 சதவீதம் பூஜ்யம். ரொக்கமாய்த் தந்திருந்தால் கடைக்காரர் 600 குறைத்திருப்பார். அதையும் சேர்த்தால் பூஜ்யம் 34-க்கு வந்து நிற்கிறது.

தாங்கள் அனுப்பிய கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்டிலும் 17.5 என்றுதான் இருக்கிறது. ஓடிபியைக் கடைப் பையனே போட்டுவிட்டதால் அதை நான் பிறகுதான் படித்தேன். 'பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது' என்று 2013-இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பூஜ்யஸ்ரீக்கு அந்தத் தபால் வரவில்லை போலும்.

தாமதக் கட்டணம் அந்த 17.5-க்குள் அடங்காது. அது தனி வரியில் இருக்கிறது. எனக்குச் சம்பளம் 7-ஆம் தேதி, தங்கள் ஆட்டோ டெபிட் 5-ஆம் தேதி. மூன்றாம் தவணை திரும்பியது. தங்களுக்கு பவுன்ஸ் சார்ஜ் 450, லேட் ஃபீ 250. என் வங்கி தன் பங்குக்கு 295. 2,000 ரூபாய் இரண்டு நாள் பிந்தியதற்கு 995!

எங்கள் சந்தில் பத்து வட்டிக்கு விடும் அண்ணாச்சி இதே பணத்துக்கு மாதம் முழுக்க 200-தான் வாங்குவார். அவர்கூட என் சம்பந்தி வீட்டுக்குப் போனதில்லை. இது வியாபாரம் இல்லை ஐயா, வழிப்பறி. பணம் இல்லாதவன் தலையில் கை வைத்துவிட்டு 'இலவசம்' என்று போர்டு மாட்டுகிறீர்கள்.

மன்னிக்கவும், பூஜ்யஸ்ரீ அவர்களே, வெயில்.

டெபிட் தேதியை 8-க்கு மாற்றித் தரும்படி மூன்று முறை எழுதிவிட்டேன். இதுவரை வந்த பதில்கள்: பூஜ்யம்.

இப்படிக்கு,
இன்னும் மூன்று தவணை பாக்கியுள்ள,
ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் விருந்துக்குப் போக வேண்டிய அடியேன்