ஆஃபர் செய்தி: வாரத்துக்கு எத்தனை?

பச்சைமலை விளைச்சலைத் திருச்சி, ஸ்ரீரங்கம் வீடுகளுக்கு நேரடியாக விற்பவர்களும், அவர்களின் செய்திகளைப் பெறுபவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த வாரம்.

கேள்வி: தேன், முந்திரி, பலாப்பழம், மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றை வாட்ஸ்அப் சேனல் மூலம் விற்கிறோம். தினம் ஒரு ஆஃபர் போடலாமா?
(டாப் செங்காட்டுப்பட்டி வாசகர்)

பதில்: தினம் ஒரு ஆஃபர் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பலா சீசனில் இன்று ஒரு சுமை, நாளை ஒரு சுமை என்று இறங்கும், விலையும் மாறும். அப்போது சொல்ல விஷயம் உண்டு. ஆனால் போன வாரத் தேனைப் போன வார விலைக்கே வேறு படம் போட்டு அனுப்பினால் அது ஆஃபர் இல்லை, தொந்தரவு. பொருள், விலை, அளவு இந்த மூன்றில் ஒன்றாவது மாறியிருந்தால் மட்டும் அனுப்புங்கள். இந்த விதிப்படி பார்த்தால் சாதாரண வாரத்தில் இரண்டு செய்திக்கு மேல் தேறாது. அதிலிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி: தினம் போட்டபோது ஆர்டர் கூடியது. அப்புறம் ஏன் குறைக்க வேண்டும்?
(துறையூர் வாசகர்)

பதில்: கூடியதைப் பார்த்தீர்கள், போனதை எண்ணவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேனலில் 600 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு செய்தி போட்டால் 18 ஆர்டர் வருகிறது, 4 பேர் விலகுகிறார்கள். தினம் போட்டால் 28 ஆர்டர், 21 பேர் விலகல். ஆக, கூடுதலாக அனுப்பிய ஐந்து செய்திகள் 10 ஆர்டரைக் கொடுத்துவிட்டு 17 பேரைக் கொண்டுபோய்விட்டன.

அந்த 17 பேரின் மதிப்பு என்ன? வாரம் 18 ஆர்டர் என்றால் வருஷத்துக்கு 936. அதை 600 பேருக்குப் பங்கு போட்டால் ஒருவருக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். 17 பேர் போனால் அடுத்த ஒரு வருஷத்தில் சுமார் 26 ஆர்டர் போகிறது. விலகுபவர்கள் பெரும்பாலும் குறைவாக வாங்குபவர்கள்தானே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் பாதியாகவே குறைத்துக்கொள்வோம்: 13. அப்போதும் கிடைத்த 10-ஐவிட இழப்புதான் அதிகம்.

உங்கள் சேனலின் எண்கள் வேறாக இருக்கும். ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: செய்தி போன தேதி, போடுவதற்கு முன் ஃபாலோயர் எண்ணிக்கை, மறுநாள் அதே நேரத்தில் எண்ணிக்கை, வந்த ஆர்டர். புதிதாகச் சேர்ந்தவர்கள் விலகலை மறைத்துவிடுவார்கள். எனவே கணக்கெடுக்கும் நாட்களில் புது ஆள் சேர்க்கும் வேலையை நிறுத்தி வையுங்கள். இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு, அடுத்த இரண்டு வாரம் வாரத்துக்கு நான்கு என்று போட்டுப் பார்த்தால் விடை நோட்டிலேயே இருக்கும். பண்டிகை வாரத்தை மட்டும் இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கும் சேனலுக்கும் ஒரே கணக்குதானா?
(முசிறி வாசகர்)

பதில்: இல்லை. பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். அங்கே உங்கள் செய்தி, அவர் அண்ணன் அனுப்பிய செய்திக்கும் மகளின் பள்ளிக்கூட அறிவிப்புக்கும் நடுவில் போய் உட்கார்கிறது, மணியும் அடிக்கிறது. வாரம் ஒன்று போதும். எரிச்சலானவர் பிளாக் செய்வார், புகாரும் அளிப்பார். பலர் அப்படிச் செய்தால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கலாம்.

2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல் வேறு மாதிரி. ஒருவர் சேரும்போதே அது மியூட்டில்தான் இருக்கும். அவராக மணிச் சின்னத்தைத் தொட்டால்தான் அறிவிப்பு வரும். அதனால் வாரம் இரண்டு மூன்றைத் தாங்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு: நீங்கள் அனுப்பியதும் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. காலையில் போட்டு மதியமே முடியும் ஆஃபர் சேனலுக்குச் சரிவராது. குறைந்தது ஒரு முழு நாள் கொடுங்கள்.

கேள்வி: டெலிகிராம் சேனலில் எண்ணிக்கை குறையவே இல்லை. நன்றாகப் போகிறது என்று அர்த்தமா?
(தில்லைநகர் வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். விலகாமலே கண்ணை மூடிக்கொள்பவர்கள் உண்டு. ஒவ்வொரு பதிவின் கீழும் கண் சின்னத்தோடு பார்வை எண்ணிக்கை இருக்கிறதே, அதைப் பாருங்கள். பதிவு போட்டு 24 மணி நேரம் கழித்து, எப்போதும் அதே இடைவெளியில் குறித்து வாருங்கள். உறுப்பினர் எண்ணிக்கை அப்படியே இருக்க, பார்வை மட்டும் வாரா வாரம் இறங்கினால் நீங்கள் அதிகம் அனுப்புகிறீர்கள், அல்லது பயனில்லாததை அனுப்புகிறீர்கள். பாதியாகக் குறையுங்கள். மூன்று வாரத்தில் பார்வை ஏறினால் எண்ணிக்கைதான் கோளாறு. ஏறாவிட்டால் செய்திதான் கோளாறு.

கேள்வி: எத்தனை மணிக்கு அனுப்பினால் நல்லது?
(ஸ்ரீரங்கம், உத்தர வீதி வாசகி)

பதில்: விளம்பர எஸ்.எம்.எஸ்.-க்குக் காலை 10 முதல் இரவு 9 வரை என்று ஒரு வரம்பு உண்டு. வாட்ஸ்அப்புக்கு அது சட்டமில்லை. ஆனாலும் நல்ல வேலி. சரக்கு நாளை மாலை வருகிறது என்றால் இன்று மாலையே சொல்லிவிடுங்கள். வீட்டில் கலந்து பேசி ஆர்டர் செய்ய நேரம் கிடைக்கும். உங்கள் ஊரில் ஏகாதசி பார்க்காத விற்பனையாளர் நிலைக்க மாட்டார். வைகுண்ட ஏகாதசி காலையில் அரிசி மூட்டைக்கு ஆஃபர் அனுப்புகிறவர், வாங்குபவரைத் தெரியாதவர்.

கேள்வி: ஆடித் தள்ளுபடி நேரத்தில் போட்டிக் கடைக்காரர் நாளுக்கு ஐந்து அனுப்புகிறார். நாங்கள் மட்டும் சும்மா இருப்பதா?
(சின்னக்கடைத் தெரு வாசகர்)

பதில்: கூட்டுங்கள், ஆனால் சொல்லிவிட்டுக் கூட்டுங்கள். "ஆடிப்பெருக்கு வரை தினம் ஒரு செய்தி வரும், அதற்குப் பிறகு வழக்கம்போல வாரம் இரண்டுதான்" என்று முதல் நாளே போடுங்கள். முடிவு தெரிந்த தொந்தரவை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். சொன்ன தேதியில் நிறுத்தவும் வேண்டும். அவர் ஐந்தாக அனுப்புவதை நீங்கள் ஒன்றாக்கலாம்: ஐந்து பொருள், ஐந்து விலை, ஒரே பட்டியல்.

கேள்வி: "இன்றே கடைசி" என்று நான்கு வாரமாக ஒரே கடையிலிருந்து வந்தது. விலகிவிட்டேன். செய்தது சரிதானே?
(உறையூர் வாசகி)

பதில்: சரிதான். உங்களை விரட்டியது எண்ணிக்கையில்லை, பொய். கடைசி என்றால் கடைசியாக இருக்க வேண்டும்.

கேள்வி: விளைச்சல் இல்லாத மாதங்களில் எதுவும் அனுப்பாமல் இருக்கலாமா?
(வண்ணாடு வாசகர்)

பதில்: முழுதாக மௌனமாகிவிட்டால், மூன்று மாதம் கழித்து வரும் முதல் செய்தியைப் பார்த்து "இது யார்?" என்று கேட்டுவிட்டு விலகுவார்கள். பதினைந்து நாளுக்கு ஒன்று போடுங்கள், விற்பனை இல்லாமல். முந்திரி பூத்திருக்கிறது, பறிப்பு எப்போது, இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று இரண்டு வரி, ஒரு படம். விலை வரும் நாளில் அவர்கள் காத்திருப்பார்கள்.

கேள்வி: இதையெல்லாம் ஒரே வரியில் சொல்ல முடியுமா?
(லால்குடி வாசகர்)

பதில்: சேனலின் விவரப் பகுதியில் "வாரம் இரண்டு செய்தி, செவ்வாயும் வெள்ளியும்" என்று இன்றே எழுதிவையுங்கள், எழுதியபடி நடங்கள், கூட்ட நினைத்தால் முதலில் நோட்டைத் திறந்து, போனவர்களை எண்ணுங்கள்.