நேரில் வந்து அழைத்ததாகப் பாவித்து

1986-இல் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், பத்திரிகை அச்சாகி வருவதற்கு முன்பே அப்பா ஒரு நீள நோட்டின் நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம் நேரில் போய் வைக்க வேண்டியவர்கள். வலப்பக்கம் தபாலில் அனுப்பினால் போதும் என்கிறவர்கள். எந்தப் பெயர் எந்தப் பக்கம் என்பதுதான் வீட்டில் பெரிய பேச்சு. தாய்மாமன், பங்காளிகள், ஒன்றுவிட்ட பெரியப்பா வரைக்கும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை நேரில்தான் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு உறையை ஒட்டாமல் மடித்து புக்-போஸ்ட். அதனால்தான் "இதையே நேரில் வந்து அழைத்ததாகப் பாவித்து" என்ற வரியை அச்சகத்தில் கேட்காமலே போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த அட்டை மூன்று வேலை செய்தது. கொடுப்பவர் வாயால் "அவசியம் வரணும்" என்று சொல்லும்போது அழைத்தது. நாள், நேரம், மண்டபம் இன்னது என்று தெரிவித்தது. அதற்குப் பிறகு காலண்டர் ஆணியில் செருகப்பட்டுக் கல்யாண நாள் வரைக்கும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது என் மகள் செல்வியின் கல்யாணம். மணமக்கள் தங்கள் நண்பர்களுக்காக ஒரு இணையப் பக்கம் செய்தார்கள். ஒரு நிமிட வீடியோ ஒன்றும் வந்தது. இரண்டும் நன்றாகவே இருந்தன. அவர்கள் வயதுக்காரர்கள் போகிற வழியில் பார்த்து, வருகிறோம் என்று அழுத்தியும் விட்டார்கள். எழுபது வயது தாண்டிய உறவுக்காரர்களுக்கு என்ன அனுப்புவது என்பதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அப்பாவைப் போலவே நோட்டில் கோடு போட்டேன். ஆனால் பட்டியல் வேறு விதமாக அமைந்தது. பெயருக்கு எதிரே முகவரிக்குப் பதில் மூன்று விஷயம் எழுதினேன்: என்ன போன், அதில் அவர்கள் தாங்களாகத் திறப்பது எது, வீட்டில் கூட இருப்பவர் யார்.

இதைக் கேட்டு எழுதியதிலேயே பாதி வேலை முடிந்தது. மயிலாடுதுறைப் பெரியம்மாவிடம் நல்ல ஸ்மார்ட்போன் இருக்கிறது. பேரன் பேசும் வீடியோ காலை எடுப்பார், வாட்ஸ்அப்பில் வரும் படத்தைத் தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். திருச்சி அத்தையிடம் பொத்தான் போன். பாபநாசம் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப் உண்டு, ஆனால் போன் பெரும்பாலும் மருமகள் கையில். மூவருக்கும் ஒரே அழைப்பு சரிவராது.

முதலில் இணையப் பக்கத்தின் லிங்கைத் தள்ளிவைத்தேன். லிங்கைத் தொட்டால் வாட்ஸ்அப்பை விட்டு வேறொரு திரை திறக்கும். குக்கீ அனுமதி கேட்கும், பாட்டு ஒலிக்கும், தேதியைப் பார்க்கக் கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும். திரும்பி வர வழி தெரியாமல் போனை அணைத்துவிடுவார்கள். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு அனுப்பி, அதைத் திறந்தவர்களின் போனுக்குள் புகுந்து பணம் எடுக்கும் மோசடி பற்றி 2024-இல் காவல்துறையின் சைபர் பிரிவுகள் எச்சரித்தன. `.apk` என்று முடிவது படமும் அல்ல, பத்திரிகையும் அல்ல. போனில் நிறுவப்படும் செயலி. எந்தப் பத்திரிகையும் எதையும் நிறுவச் சொல்லாது. இந்தச் செய்திக்குப் பிறகு பல வீடுகளில் பிள்ளைகள் பெரியவர்களிடம் "தெரியாத லிங்க், ஃபைல் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அது நல்ல பழக்கம். நாம் அனுப்பும் அழைப்பே அந்தப் பழக்கத்தை உடைக்கச் சொல்லக் கூடாது.

பிடிஎஃப் கோப்பும் இதே காரணத்தால் சரிவரவில்லை. அது திரையில் ஒரு கோப்பாக வந்து நிற்கும். தொட்டால் எந்தச் செயலியில் திறக்க என்று சில போன்கள் கேட்கும். வீடியோவில் சங்கடம் வேறு. கோபுரமும் பூவும் ஓடி முடிந்து, தேதியும் மண்டபமும் நாலைந்து வினாடிதான் நிற்கும். நிறுத்திப் படிக்கத் தெரியாதவருக்கு அது ஒரு பாட்டுக் காட்சி. பெரியம்மா போன வருடம் வேறொரு வீட்டுக் கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு, "பொண்ணு மாப்பிள்ளை அழகா இருக்காங்க தம்பி, கல்யாணம் என்னிக்குன்னு மட்டும் நீ பார்த்துச் சொல்லு" என்றார்.

ஆகவே ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு படம் என்று முடிவு செய்தேன். அச்சடித்த பத்திரிகையைப் படம் பிடித்து அனுப்புவது அல்ல. சுமார் 18 சென்டிமீட்டர் அகலமுள்ள அட்டை, போனை நிமிர்த்திப் பிடித்தால் 7 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருங்குகிறது. அட்டையில் 12 புள்ளி அளவில் இருந்த எழுத்து, திரையில் 5 புள்ளிக்கும் கீழே போய்விடும். இரண்டு விரலால் பெரிதாக்கலாம்தான். ஆனால் விரல் நடுங்குபவருக்குப் படம் நழுவிக்கொண்டே இருக்கும். எனவே திரைக்கென்றே தனியாக, 1080-க்கு 1920 பிக்சல் அளவில் நெட்டுவாக்கில் செய்யச் சொன்னேன். 1080 பிக்சல் 7 சென்டிமீட்டரில் அடங்கும்போது ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 15 பிக்சல். கண்ணாடி போட்டுப் படிப்பவருக்கு எழுத்து 4 மில்லிமீட்டராவது உயரம் வேண்டும். அதாவது 60 பிக்சல். அதற்குக் கீழே ஒரு எழுத்தும் இல்லை.

இந்த அளவில் எழுதினால் நிறைய வைக்க முடியாது. யாருக்குக் கல்யாணம், கிழமையோடு தேதி, முகூர்த்த நேரம், மண்டபமும் ஊரும், ஒரு போன் எண். இவ்வளவுதான் இடம். பெரியவர்கள் தேதியைவிடக் கிழமையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் கிழமை முதலில், பெரிதாக. வெள்ளைப் பின்னணியில் அடர் மெரூன் எழுத்து. பொன்னிற எழுத்தைச் சிவப்பின் மேல் போட்டு முதலில் வந்த மாதிரியை, வெயிலில் முற்றத்தில் வைத்துப் பார்த்ததும் மாற்றச் சொன்னேன். ஒரு வரிகூடத் தெரியவில்லை. வரிகளுக்கிடையே இடைவெளியும் தாராளமாக வேண்டும். தமிழில் மேலே கொக்கியும் கீழே சுழியும் உண்டு. நெருக்கினால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

தாத்தா பாட்டி பெயர்கள், "சுற்றமும் நட்பும் சூழ" எல்லாம் அந்தப் படத்தில் இல்லை. அவற்றுக்கு முழுப் பத்திரிகையின் படம் இரண்டாவதாகப் போனது. தங்கள் பெயர் எங்கே என்று தேடிப் பார்ப்பது பெரியவர்களுக்கு உள்ள உரிமை. அதை இல்லாமல் செய்யக் கூடாது.

அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். வயதானவர்களின் போனில் பெரும்பாலும் பிள்ளைகள் சேமித்துக் கொடுத்த பத்துப் பதினைந்து எண்கள்தான் இருக்கும். அவற்றில் நம் எண் இருக்குமென்று சொல்ல முடியாது. எனவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் அனுப்பினேன்.

அதன் பிறகும் ஒரு தடை உண்டு. டேட்டா தீர்ந்துவிடக் கூடாதென்று பல போன்களில் படம் தானாக இறங்காதபடி பிள்ளைகள் வைத்திருப்பார்கள். அப்போது படம் மங்கலாக, நடுவில் கீழ்நோக்கிய ஓர் அம்புக்குறியோடு நிற்கும். அந்த அம்பைத் தொட்டால்தான் தெளிவாகும். இது தெரியாத பெரியவர், பத்திரிகையே கலங்கலாக வந்திருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவார். நமக்கோ இங்கே இரண்டு டிக்கும் நீலமாகிவிடும். நீல டிக் அந்த உரையாடல் திறக்கப்பட்டதைத்தான் காட்டுகிறது. படம் இறங்கியதா, படித்தார்களா என்பதை அது சொல்லாது. பெரியம்மா வீட்டில் நடந்தது இதுதான். போன் செய்து கேட்டபோது "என்னமோ புகை மாதிரி இருக்கு" என்றார். "நடுவுல அம்புக்குறி இருக்கும் பாருங்க, அதைத் தொடுங்க" என்றதும், "அடடே, வந்துடுச்சு தம்பி" என்று உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

பொத்தான் போன் அத்தைக்கு எஸ்எம்எஸ். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான்; அதில் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "செல்வி கல்யாணம். ஞாயிறு 14 காலை 9 மணி. கும்பகோணம். வாங்க" என்பது 60-க்குள் அடங்கியது. ஆனால் சில பழைய போன்களில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அத்தையின் போனும் அப்படித்தான். அவருக்குப் பேச்சுதான் அழைப்பு. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தேதியைச் சொல்லி, காலண்டரில் அந்த ஞாயிறைச் சுழித்துக் கொடுக்கச் சொன்னேன். சித்தப்பாவுக்கு அனுப்பிய படம் மருமகளுக்கும் போனது. ஆனால் முதலில் பேசியது சித்தப்பாவோடுதான். மருமகள் வாயிலாகத் தெரிந்துகொண்டால் அவருக்கு அது அழைப்பாகாது.

இதிலிருந்து ஒரு வரிசை அமைந்தது. முதலில் தொலைபேசியில் பெயர் சொல்லி அழைப்பது. பேசிக்கொண்டிருக்கும்போதே, "இப்போ ஒரு படம் வரும், தொட்டா பெரிசாகும், வேற எதையும் அமுக்கச் சொல்லாது" என்று சொல்வது. பேசி முடித்த கையோடு படத்தை அனுப்புவது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் அதே படத்தை மறுபடியும் அனுப்புவது. ஆணியில் செருகிய அட்டை தானாகவே நினைவுபடுத்தியது. வாட்ஸ்அப்பில் வந்த படமோ மறுநாளே காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது.

இந்த வரிசையும் எல்லாருக்கும் போதாது. தாய்மாமன், சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள், குடும்பத்தில் வயதில் மூத்தவர் ஆகியோருக்குத் திரையில் எது போனாலும் குறைதான். அப்பாவின் இடப்பக்கப் பட்டியலில் அந்தப் பகுதி மட்டும் என் நோட்டிலும் அப்படியே இருந்தது. அவர்களுக்காக 100 அட்டை அடித்தோம். வெற்றிலை பாக்கோடு நேரில் போனோம்.

மற்றவர்களிடம் ஒவ்வொரு போன் பேச்சையும் ஒரு கேள்வியோடு முடித்தேன்: "என்னிக்கு, எங்கேன்னு ஒரு தடவை சொல்லுங்க." கிழமையும் ஊரும் அவர்கள் வாயிலிருந்து வந்தால் பெயருக்கு எதிரே ஒரு டிக். வராவிட்டால், நீல டிக் விழுந்திருந்தாலும், அந்தப் பெயர் இன்னும் அழைக்கப்படாதவர்கள் பட்டியலில்தான் இருந்தது.